பொய்ச் சத்தம் வைத்த இடங்கள்

வெடிகளை எங்கே புதைத்தோம் என்பது மூன்று பேருக்குத்தான் தெரியும். முகாமின் கேப்டன், எங்கள் கம்பெனியில் வெடி சோதிக்கும் அண்ணாச்சி, நான். அப்படியிருக்க, பயிற்சிக்கு வந்திருந்த சிப்பாய்களில் ஒருவன் அத்தனை இடங்களையும் பிசகாமல் சொல்லிக்கொண்டிருந்தான். ஒரு நாள் சொல்லியிருந்தால் கெட்டிக்காரன் என்று விட்டிருப்பார்கள். தினமும் சொன்னான்.

பாகிஸ்தானோடு சண்டை முடிந்த மறு வருஷம் அது. மதுரையில் வேதியியல் படித்துவிட்டு வந்து, சிவகாசியிலிருந்து விஸ்வநத்தம் போகும் சாலையில் இருந்த பெரியப்பாவின் பட்டாசுக் கம்பெனியில் மருந்து சோதிக்கும் அறையை நான் பார்த்துக்கொண்டிருந்தேன். நிர்வாகம் பெரியப்பா மகன் கையில். அவனை நான் அண்ணே என்றுதான் கூப்பிடுவேன். ஆமத்தூருக்கு அப்பால், கரட்டை ஒட்டிய பொட்டல் காட்டில் ராணுவத்தார் கூடாரம் அடித்தபோது, கேப்டன் நேராக எங்கள் கம்பெனிக்கு வந்தார். அவர் கேட்டது விசித்திரமாக இருந்தது.

“வண்ணம் வேண்டாம். வெளிச்சம் வேண்டாம். தொம் என்று மொக்கையாக ஒரு சத்தம். அவ்வளவுதான்.”

“சத்தம் வேணும்னு கேட்டு வந்தவுகதான் இதுவரைக்கும். மொக்கையா வேணும்னு கேட்டு நீங்கதான் சார் மொத ஆளு” என்றான் அண்ணன்.

கேப்டன் சிரிக்கவில்லை. எதற்கு என்று என்னிடம்தான் விளக்கினார். துப்பாக்கித் தோட்டா சத்தத்தைவிட வேகமாகப் போவது. அது தலைக்கு மேலே கடக்கும்போது சுளீரென்று ஒரு சத்தம் வரும். சுட்ட இடத்திலிருந்து வரும் தொம் என்ற சத்தம் அதற்குப் பிறகுதான் வந்து சேரும். பழகாதவன் முதல் சத்தம் வந்த பக்கம் திரும்புவான், அங்கே ஒன்றும் இருக்காது. பழகியவன் இரண்டாவது சத்தத்துக்குக் காத்திருப்பான். இரண்டுக்கும் இடையே உள்ள நேரத்தை வைத்துச் சுட்டவன் எவ்வளவு தூரத்தில் இருக்கிறான் என்றும் கணிப்பான். பயிற்சி பெறுபவர்களைப் பதுங்குகுழியில் உட்காரவைத்து, அவர்கள் தலைக்கு மிக உயரே கரட்டுப் பாறையைப் பார்த்து நிஜத் தோட்டாவைச் சுடுவார்கள். அதே சமயம் எங்கள் குழாய்கள் வேறு வேறு இடங்களில் வெடிக்க வேண்டும். எது நிஜம், எது பொய் என்று அவர்கள் பிரிக்க வேண்டும்.

மண்ணில் பாதி புதைத்து, கம்பியையும் மண்ணுக்குள் ஓட்டி, பேட்டரியால் பற்றவைக்கும் சிறு குழாய்களை நானும் அண்ணாச்சியும் செய்தோம். அண்ணாச்சிக்கு நாற்பது வயதுக்கு மேல். சாத்தூர்ப் பக்கத்துக் கிராமம். மருந்துக் கிடங்கின் சாவி அவரிடம்தான் இருக்கும். அந்தச் சாவிக்காக வருஷம் ஒருமுறை போலீஸ் வந்து அவரைப் பற்றி விசாரித்துவிட்டுப் போகும்.

முகாமில் பயிற்சி நடத்தியவர் ஒரு சுபேதார், தர்மபுரிக்காரர். பர்மாவில் சண்டை போட்டவர் என்று சொன்னார்கள், அவர் சொல்லவில்லை. மறைந்திருந்து சுடும் இந்த வேலைக்கு ஆட்களை எப்படிப் பொறுக்கினீர்கள் என்று கேட்டேன். பட்டாலியனில் நன்றாகச் சுடுகிறவர்கள் எல்லாரையும் முதலில் கூப்பிட்டாராம். வந்தவர்களில் கால்வாசிதான் மிச்சம். அவர்களிலும் கடைசியில் இரண்டு பேருக்குத்தான் இடம்.

“சுடத் தெரிஞ்சவன் நெறைய இருக்கான்மா. சும்மா கெடக்கத் தெரிஞ்சவன்தான் இல்ல.”

கோபக்காரர்களைத் திருப்பி அனுப்பினார். பீடியை விட முடியாதவர்களை அனுப்பினார். இருமலும் காட்டிக்கொடுக்கும், நெருப்பும் காட்டிக்கொடுக்கும். நல்ல கண் இருந்தும், கண்டதும் கை பரபரக்கிறவர்களை அனுப்பினார். தனியாக இருக்கப் பயப்படுகிறவர்களையும், தனியாக இருக்க ரொம்ப ஆசைப்படுகிறவர்களையும் அனுப்பியதாகச் சொன்னார். இந்தக் கடைசி விஷயம் எனக்கு வியப்பாக இருந்தது.

மீதி இருந்தவர்கள் பெரும்பாலும் துப்பாக்கியைத் தொடவே இல்லை. ஊர்ந்தார்கள். தூரம் கணித்தார்கள், பிறகு நடந்து போய்ச் சரிபார்த்தார்கள். சாக்கு நாரைக் கரிசல் மண்ணில் புரட்டித் தலையில் போர்த்திக்கொண்டு, உடைமரத்து நிழலின் கறுப்புக்குள் படுத்தார்கள். இருவர் இருவராக வேலை. ஒருவன் சுடுவான், மற்றவன் தொலைநோக்கியில் பார்ப்பான். கண் களைத்துவிடும் என்பதால் இருவரும் மாறி மாறிப் பார்ப்பார்கள். துப்பாக்கி பழைய த்ரீ நாட் த்ரீதான், மேலே சின்னக் கண்ணாடிக் குழல் பொருத்தியது. ஒரு முறை சுட்டுவிட்டால் அந்த இடத்தில் தங்கக் கூடாது என்பது சட்டம்.

தட்டில் பல சாமான்களைப் பரப்பிச் சற்று நேரம் காட்டிவிட்டுத் துணியால் மூடும் பயிற்சி ஒன்று உண்டு. சும்மா இருந்த என்னையும் உட்காரச் சொன்னார் சுபேதார். எனக்கு எதையும் வரிசையாக எழுதிப் பழக்கம். சாவி, பென்சில் துண்டு, தோட்டா உறை, தீப்பெட்டி என்று ஒன்று விடாமல் சொன்னேன்.

“பேரு எல்லாம் சரி. தீப்பெட்டி தொறந்திருந்துச்சா, மூடியிருந்துச்சா?”

தெரியவில்லை. என் பக்கத்தில் இருந்த சிப்பாய் மெதுவாகச் சொன்னான். “கால்வாசி தொறந்திருந்துச்சு சார். குச்சித் தலை பச்சை. ஒரு பக்கம் உரசின தடம் இருந்துச்சு, மறுபக்கம் புதுசு.”

வெடிகளின் இடத்தைச் சொல்லிக்கொண்டிருந்தவன் அவன்தான். சாத்தூர்ப் பக்கம், விவசாயக் குடும்பம். அண்ணாச்சியின் ஊர். அண்ணாச்சிக்கு மருமகன் முறை.

இது கேப்டனுக்குத் தெரியவந்த அன்றே எல்லாம் மாறிவிட்டது.

நானும் பார்த்திருந்தேன். தேநீர் நேரத்தில் அண்ணாச்சி அவனிடம் போய், “ஏலே மாப்ளே, ஏன் நல்லாத் திங்கலேன்னு ஒங்காத்தா கேட்டா நான் என்னலே பதில் சொல்ல” என்று கேட்டார். அவன் சிரித்தான். இரண்டு பேரும் தள்ளி நின்று எதையோ பேசினார்கள். சொந்தக்காரர்கள் பேசினால் தப்பா என்று எனக்கு நானே கேட்டேன். தள்ளி நின்று ஏன் பேச வேண்டும் என்றும் கேட்டேன். அன்றிலிருந்து அண்ணாச்சி குழாய் புதைக்கும்போது நான் குழாயைப் பார்க்கவில்லை, அவரைப் பார்த்தேன். எங்கே நிமிர்கிறார், எந்தப் பக்கம் திரும்புகிறார், எதையாவது அடையாளம் வைக்கிறாரா. அவருக்கும் அது தெரிந்திருக்க வேண்டும். குழாயைப் புதைத்துவிட்டு இரண்டு கையையும் விரித்து என்னிடம் காட்டினார், ஒன்றும் இல்லை என்பதுபோல.

கேப்டன் அண்ணனைக் கூப்பிட்டு அனுப்பினார். “பயிற்சி இடத்தின் விவரம் வெளியே போகிறது. உங்கள் ஆள் வழியாக என்றால் நான் மேலே எழுதியாக வேண்டும். போலீசுக்கும் நகல் போகும்.”

அப்படி ஒரு கடிதம் போனால் என்ன ஆகும் என்பது எங்களுக்குத் தெரியும். கிடங்குச் சாவி போகும். சாவி பறிபோன ஆளைச் சிவகாசியில் எந்தக் கம்பெனியும் வாசலுக்குள் விடாது. சண்டை முடிந்த மறு வருஷம் வேறு. ரேடியோவைத் திருகினாலே உளவாளி என்று பேசிய காலம்.

“அவர இனி அங்கன கூட்டிட்டுப் போகாதம்மா” என்றான் அண்ணன்.

“கூட்டிட்டுப் போகலேன்னா அவருதான்னு நாமளே சொன்ன மாதிரி ஆயிரும்ணே.”

“அவரு இல்லேன்னு ஒனக்குத் தெரியுமா?”

எனக்குத் தெரியாது. அதனால் ஒரு வழி சொன்னேன். அண்ணாச்சி முகாமுக்கு வரட்டும், ஆனால் சமையல் கூடாரத்தில் காவலுக்குள் உட்காரட்டும். குழாய்களை நான் மட்டும் புதைக்கிறேன். இடம் கேப்டனுக்குக்கூடத் தெரிய வேண்டாம். அந்தச் சிப்பாய் தடுமாறினால், இதுவரை சொல்லிக்கொடுத்தது அண்ணாச்சிதான். தடுமாறாவிட்டால் அவர் இல்லை. கேப்டன் என்னை ஒரு நிமிஷம் பார்த்துவிட்டுச் சம்மதித்தார்.

அந்த நாள் பெரிய பயிற்சி. நூறு பேருக்கு மேல் கொண்ட ஒரு ராணுவக் கம்பெனி, வறண்ட கண்மாயைக் கடந்து எதிர்க்கரையைப் பிடிக்க வேண்டும். எதிரில் இரண்டே இரண்டு பேர். மறைந்திருந்து சுடும் ஸ்னைப்பர் ஒருவன், அவனுக்குத் துணையாகப் பார்ப்பவன் ஒருவன். தோட்டா இல்லாத வெறும் வேட்டுதான். இருவரின் பக்கத்தில் ஒரு நடுவர் படுத்திருந்தார். யாரைக் குறிவைத்தான் என்பதை அவர் குழலில் பார்த்து உறுதிசெய்து வயர்லெஸ்ஸில் சொல்ல, கம்பெனியோடு நடக்கும் நடுவர் அந்த ஆளின் தோளைத் தொட்டு உட்காரச் சொல்வார். இடையிடையே என் குழாய்களைக் கேப்டன் பொத்தானைத் தட்டி வெடிக்கவைப்பார். சாத்தூர்ச் சிப்பாய், தாக்கும் கம்பெனிக்கு எதிர்ஸ்னைப்பராகப் போனான். அந்த இருவரையும் கண்டுபிடிப்பது அவன் வேலை.

நான் சுபேதாரோடு கரைமேட்டில் இருந்தேன். கம்பெனி கண்மாய்க்குள் பரவி இறங்கியது. முதல் வரிசை கடந்துபோகும்வரை ஒன்றும் நடக்கவில்லை. எனக்கு அலுத்துவிட்டது.

“ஏன் சுடல?”

“எவனைச் சுடணும்னு பாத்துட்டிருக்கான். முன்னாடி வர்றவன் யாரா இருந்தா என்ன? எல்லாரும் எவன் மூஞ்சியத் திரும்பிப் பாக்கறாங்களோ அவன்தான் ஆபீசர். தோள்பட்டையில இருக்கற பட்டையைக் கழட்டி வச்சாலும் அத மறைக்க முடியாது.”

ஒரு வேட்டு. நடுவர் லெப்டினென்டின் தோளைத் தொட்டார். எல்லாரும் படுத்தார்கள். நெடுநேரம் கழித்து வயர்லெஸ் சுமந்தவன் சற்று முட்டிபோட்டான். அவனும் போனான். பிறகு இயந்திரத் துப்பாக்கிக்காரன். அதன் பிறகு நடந்ததைத்தான் நான் நம்பாமல் பார்த்தேன். யாரும் சாகாத பயிற்சி. தொட்டால் உட்கார்ந்து வேர்க்கடலை தின்னலாம். ஆனாலும் நூறு பேரும் தரையோடு ஒட்டிக்கொண்டார்கள். ஹவில்தார் ஒருவர் எழுந்து போகச் சொல்லிக் கத்தினார், படுத்தபடியே. யாரோ, “நீங்க முன்னாடி போங்க, வழி தெரியல” என்று குரல் கொடுத்தான். பல இடத்தில் சிரிப்பு, ஆனால் ஒருவனும் எழவில்லை. தண்ணீர் வண்டி பின்னால் வெட்டவெளியில் நின்றது. வெயில் ஏறியது. தண்ணீருக்கு ஒருவரும் போகவில்லை. என் குழாய் ஒவ்வொன்று வெடிக்கும்போதும் அந்தப் பக்கத்துப் புதருக்கெல்லாம் வெறும் வேட்டாகச் சுட்டுத் தீர்த்தார்கள்.

தொட்டு உட்காரவைக்கப்பட்டவர்களைக் கேட்டார் சுபேதார், எதிரில் எத்தனை பேர் என்று. ஒருவர் ஆறு என்றார். ஒருவர் பத்துக்குக் குறையாது என்றார்.

“பீரங்கி விழுந்தா எல்லாருக்கும் விழுதுன்னு மனசு ஆறிரும்” என்றார் சுபேதார் என்னிடம். “இது அப்படி இல்ல. அவன் உன்னப் பாத்து, உன்னத்தான்னு முடிவு பண்ணிச் சுடறான்னு தோணும். எப்ப சுடுவான்னும் தெரியாது. அவன் அங்கருந்து போய் ரொம்ப நேரமானாலும் இவன் எந்திரிக்க மாட்டான். ரெண்டு பேர் வேலையில பாதிய எதிராளியோட மனசே செஞ்சு குடுத்துரும்.”

ஜீப்பில் வைத்திருந்த பையை எடுக்க நான் எழுந்தேன். குனிந்துகொண்டே போனேன் என்பதை ஜீப்பை அடைந்த பிறகுதான் கவனித்தேன். சுபேதார் பார்த்தும் பார்க்காததுபோல இருந்தார்.

அந்த மொத்தக் கூட்டத்தில் ஒருவன் மட்டும் என் குழாய்களை மதிக்கவில்லை. ஒவ்வொரு தொம்முக்கும் சாத்தூர்ச் சிப்பாய் தன்னோடு இருந்த நடுவரிடம், “அது பட்டாசுக் கம்பெனி வெடி சார்” என்று சொன்னான். பொய்களைக் கழித்துக்கொண்டே போய், கடைசியில் எஞ்சிய ஒரு பக்கத்தில், யாரும் சந்தேகப்படாத வழுக்கை மேட்டில், ஒரு சாக்கு நார்க் குவியலைக் காட்டினான். அவர்கள்தான்.

அண்ணாச்சி சமையல் கூடாரத்தைவிட்டு நகரவில்லை. கேப்டனுக்கே இடம் தெரியாது. இப்போது பட்டியலில் ஒரே ஆள்தான் மிச்சம்.

கூடாரத்தில் கேப்டன் என்னை உட்காரச் சொல்லவில்லை. “இவனை உங்களுக்கு முன்பே தெரியுமா?”

“தெரியாது.”

“நேற்றோ இன்றோ பேசினீர்களா?”

“தட்டுப் பயிற்சிக்குப் பிறகு பேசல.”

“சாட்சி?”

இல்லை என்றேன். அண்ணாச்சி தன் கைகளை விரித்துக் காட்டியதுபோல எனக்கும் காட்டத் தோன்றியது, காட்டவில்லை. சுபேதார் நடுவில் புகுந்து, “நாம இவங்களையே கேட்டுட்டிருக்கோம் சார். கண்டுபிடிச்சவனக் கேக்கவே இல்லயே” என்றார்.

சிப்பாயைக் கூப்பிட்டார்கள். யார் சொன்னது என்று கேப்டன் கேட்டார்.

“யாரும் சொல்லல சார். பாத்தேன்.”

“எதை?”

அவன் என்னைப் பார்த்தான். பிறகு தொலைநோக்கியைக் கேட்டான். மாலை வெயில் சாய்ந்து விழுந்துகொண்டிருந்தது. கரைமேட்டில் அதைப் பொருத்தித் திருப்பி, என்னைப் படுத்துப் பார்க்கச் சொன்னான். முதலில் கல்தான் தெரிந்தது, ஊசிமுனை ஊசிமுனையாக மினுங்கும் கல்.

“காக்காப்பொன்” என்றேன். அந்தக் கரட்டுப் பாறை முழுக்க அந்த மைக்கா உண்டு.

“காக்காப்பொன்னு ஒரு பக்கமாப் பாத்தா மின்னும், தலையச் சாய்ச்சா செத்துப்போகும். இது எங்கன இருந்து பாத்தாலும் மின்னுது. கொஞ்சம் மேல பாருங்க. காக்காப்பொன்னு எலையில ஏறுமா?”

குழாயின் பக்கத்தில் நின்ற எருக்கஞ்செடி இலையில் நான்கு விரலின் தடம் வெள்ளியாக மினுங்கியது. அது என் விரல்தான். புதைக்கும்போது இலையை ஒதுக்கியிருந்தேன். அலுமினியத் தூள். பட்டாசுக் கம்பெனிக்காரர்கள் எத்தனை தடவை சோப்புப் போட்டாலும் அது நகக்கண்ணைவிட்டுப் போகாது, சேலை முந்தியைவிட்டுப் போகாது. எங்களுக்குள் எல்லார் கையிலும் இருப்பதால் எவர் கண்ணுக்கும் தெரியாது. முந்தைய நாட்களில் அண்ணாச்சி தொட்ட கல்லிலும் இருந்தது, நான் தொட்ட இலையிலும் இருந்தது.

“எங்க அக்கா கம்பெனிக்குப் போகுது சார். சோத்துச் சட்டியில எல்லாம் இதுதான் மின்னும்” என்றான் அவன்.

கேப்டனும் படுத்துப் பார்த்தார். எழுந்தபோது அவர் முகம் லேசாகிவிட்டது. கடிதம் இல்லை என்றார். ஆனால் சுபேதார் முகம் மாறவில்லை.

“மொத நாளே தெரியுமா?”

“தெரியும் சார்.”

“ஏன் சொல்லல?”

“எங்கன இருக்குன்னுதான் கேட்டீக சார். எப்படின்னு கேக்கல.” பிறகு, “சொன்னா மத்தவனும் பாத்துருவான். எடம் ரெண்டுதான இருக்கு” என்றான்.

“வெளியில நீங்க ரெண்டு பேரு மட்டும்தான் போவீங்க. நீ என்ன பாத்தன்னு சரிபாக்க எவனும் பக்கத்துல இருக்க மாட்டான். நீ வந்து சொல்றதுதான் எங்களுக்குக் கண்ணு. பாதியச் சொல்லிப் பாதிய வச்சுக்கிட்டா, அடுத்து போறவன் செத்துருவான்.” சுபேதார் குரலை உயர்த்தவில்லை. “உன் மாமன் காலையிலருந்து காவல்ல உக்காந்திருக்காரே, அது தெரியுமா?”

“தெரியும் சார். தட்டுக் கழுவப் போகயில பாத்தேன்.”

“அவர் மேல சந்தேகம்னு?”

“தெரியும்.”

கேப்டன் அவனைத் தள்ளிப் போய் நிற்கச் சொன்னார்.

“ஒரு நாள் முழுக்கச் சொந்த மாமாவைக் காவலில் பார்த்துவிட்டு, வாய் திறக்காமல் தன் வேலையைச் செய்திருக்கிறான். அந்தப் பொறுமையை நாம் கற்றுக்கொடுக்க முடியாது சுபேதார் சாப்.”

“அதுதான் சார் எனக்கு யோசனையா இருக்கு.”

இருவரும் பேசி முடித்தது என் எதிரில்தான். அவனை எடுத்துக்கொண்டார்கள், ஆனால் சுடுபவனாக அல்ல, துணையாகப் பார்ப்பவனாக. அவன் கண்டதையெல்லாம் வாய்விட்டுச் சொல்ல வேண்டும், பக்கத்தில் இருப்பவன் அதைக் கேட்டபடி இருப்பான். சொல்லாமல் விட்டது ஒன்று பிடிபட்டாலும் பழைய பிளட்டூனுக்கே போக வேண்டியதுதான். குழாய் ஆர்டரும் எங்களுக்கே வந்தது, அலுமினியம் தொடாத ஆட்களைக் கொண்டு, தனிக் கொட்டகையில் செய்ய வேண்டும் என்ற நிபந்தனையோடு.

அண்ணாச்சியைக் கூட்டிக்கொண்டு வேனில் திரும்பினேன். நடந்ததை முதலிலிருந்து சொன்னேன். அவர் தன் விரல்களைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார், பிறகு என் விரல்களைப் பார்த்தார்.

“ஒங்க கையிலயும் இருந்துச்சா, தாயி?”

“இருந்துச்சு அண்ணாச்சி.”

“நல்லவேளை. என் கையில மட்டும் இருந்திருந்தா, என் கைரேகையே அதுதான்னு எழுதியிருப்பாக.”

சற்றுத் தூரம் போனதும் கேட்டார். “நான் உள்ள உக்காந்திருக்கது அவனுக்குத் தெரியுமா?”

மழுப்பலாமா என்று யோசித்தேன். “தெரியும்.”

“எதுக்குன்னும்?”

“தெரியும்.”

அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். ஆமத்தூர் விலக்கில் லோடு லாரி ஒன்றுக்கு வழிவிட்டு வேன் நின்றது. அது போய், புழுதி அடங்கி, நாங்கள் நகர்ந்த பிறகுதான் அவர் பேசினார்.

“அந்த வேலைக்கு நல்லா வருவான்” என்றார்.